சிவராத்திரி இரவு எடுத்த பதிவை எப்படிப் பெயரிட்டு, எப்படிப் பத்திரப்படுத்துவது?

கேள்வி: எங்கள் ஊர் சிவன் கோவிலில் எட்டு வருடமாக சிவராத்திரி, ஆருத்ரா, திருவாசக முற்றோதல் எல்லாம் வீடியோ எடுத்து வருகிறோம். எல்லாம் நாலு ஹார்ட் டிஸ்க்கில் C0001, MVI_0034 என்று கலந்து கிடக்கிறது. எது எந்த வருடம் என்றே தெரியவில்லை. எப்படிப் பெயர் வைத்து, எப்படி பேக்கப் எடுத்தால் ஒன்றும் தொலையாது?

பதில்:

டிஸ்க் பழுதாகிப் போகும் பதிவுகளைவிட, பெயரால் போகும் பதிவுகள் அதிகம். அதனால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்டை ஃபார்மட் செய்ததும் பல கேமராக்கள் மறுபடி C0001 என்றே எண்ணத் தொடங்கிவிடும். அமைப்பில் போய் எண் தொடர்ந்து வரும்படி மாற்றினாலும் 9999-க்குப் பிறகு பழைய எண்ணே திரும்பும். ஆக 2022 சிவராத்திரியிலும் ஒரு C0001.MP4 இருக்கும், 2024 சிவராத்திரியிலும் ஒரு C0001.MP4 இருக்கும். யாரோ ஒருவர் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடும்போது, "இதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, மாற்றட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் "Replace" அழுத்தினால் 2022 போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. வருடங்கள் கழித்துத் தேடும்போதுதான் தெரியும்.

ஆகவே ஃபைலின் பெயர், எந்த ஃபோல்டரில் போட்டாலும் வேறு எதனோடும் மோதாததாக இருக்க வேண்டும். நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

```
2024-03-08_SIVARATHIRI_K3_CAMA_C0042.MP4
```

தேதி, விழா, எத்தனையாவது கால பூஜை, எந்தக் கேமரா, கடைசியில் கேமரா தானே வைத்த பெயர். அந்தக் கடைசித் துண்டை அழிக்காதீர்கள். பழுதான ஃபைலை மீட்கும்போதும், கார்டில் இருந்த எல்லா ஷாட்டும் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும்போதும் அந்த எண்தான் கை கொடுக்கும். C0041-க்கு அடுத்து C0043 இருந்தால் நடுவில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

தேதியை வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 08-03-2024 என்று எழுதினால் எல்லா வருடத்து எட்டாம் தேதிகளும் ஒன்றாய்ச் சேர்ந்துகொள்ளும். வருடத்தை மட்டும் போட்டு "2023 ஆருத்ரா" என்று எழுதுவதும் ஆபத்து. 2023-ல் ஆருத்ரா தரிசனம் இரண்டு முறை வந்தது, ஜனவரி 6-ம் தேதியும் டிசம்பர் 27-ம் தேதியும். 2024-ல் வரவேயில்லை, அடுத்தது 2025 ஜனவரி 13. மார்கழி டிசம்பரிலும் ஜனவரியிலுமாகப் பிரிந்து விழுவதால் இது மறுபடி மறுபடி நேரும். முழுத் தேதி இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

சிவராத்திரியில் இன்னொரு சிக்கல் உண்டு. 2024-ல் மார்ச் 8 மாலை முதல் காலம் தொடங்கி, மார்ச் 9 விடியலில் நாலாம் காலம் முடிந்தது. நள்ளிரவுக்குப் பின் எடுத்த ஃபைலுக்கு எந்தத் தேதி போடுவது? அன்று இரவு முழுதையும் நாம் ஒரே விழாவாகத்தான் நினைக்கிறோம், தேடுவதும் அப்படித்தான். அதனால் விழா தொடங்கிய தேதியையே, அதாவது 2024-03-08 என்பதையே, எல்லா ஃபைலுக்கும் போடுங்கள். K1 முதல் K4 வரையுள்ள கால எண் வரிசையைப் பார்த்துக்கொள்ளும். உண்மையான நேரம் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

ஃபைலுக்குள் பதிந்த அந்த நேரத்தை வைத்துத் தானாகப் பெயரிடும் மென்பொருள்களை நம்புவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். MP4 ஃபைலின் உள்ளே நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. ஆருத்ரா அபிஷேகத்தை விடியற்காலை 4 மணிக்கு எடுத்திருந்தால் உள்ளே முந்தைய நாள் இரவு 10:30 என்று இருக்கும். மென்பொருள் அதை அப்படியே எடுத்து முந்தைய நாள் ஃபோல்டரில் போட்டுவிடும். நம் வழிபாடுகளில் பாதி சூரிய உதயத்துக்கு முன் நடப்பவை என்பதால், மற்ற வேலை எடுப்பவர்களைவிட நமக்கு இது அதிகம் நேரும்.

கேமரா கடிகாரமே தவறாக இருப்பதும் சகஜம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். இதற்கு ஒரு எளிய பழக்கம் போதும். பூஜை தொடங்கும் முன் ஒவ்வொரு கேமராவிலும் செல்போன் கடிகாரத்தை ஐந்து நொடி எடுங்கள். ஒவ்வொரு காலத்தின் தொடக்கத்திலும் மெல்லிய குரலில், "2024 மார்ச் 8, மகாசிவராத்திரி, மூன்றாம் காலம்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். பெயரும் தேதியும் அழிந்து போனாலும் பதிவு தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும்.

அடுத்து விழாவின் பெயர். SIVARATHIRI, SHIVARATRI, SIVRATRI என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் தேடலில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். விழாப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, கணினிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: SIVARATHIRI, ARUDRA, MUTROTHAL, PRADOSHAM. எந்த எழுத்துக்கூட்டல் சரி என்ற விவாதம் தேவையில்லை, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருந்தால் போதும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் "கொ", "கோ" போன்ற எழுத்துகளில் ஒரு தொல்லை இருக்கிறது. அதில் வரும் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக் டிஸ்க் அமைப்பு பிரித்து வைக்கும், விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் பேக்கப் மென்பொருள் இரண்டு வேறு ஃபைல் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். தமிழில் எழுத வேண்டியதை எல்லாம் அட்டவணையில் எழுதிக்கொள்ளலாம். பெயரில் இடைவெளியும், : ? * / போன்ற குறிகளும் வேண்டாம்.

அந்த அட்டவணை ஒரு சாதாரண எக்செல் ஷீட் போதும். ஃபைல் பெயர், பாடியவர், என்ன பாடினார், எந்த டிஸ்க்கில் இருக்கிறது, குறிப்பு. "என்ன பாடினார்" என்ற இடத்தில் முதலடியோடு திருமுறை எண்ணையும் பதிக எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மாசில் வீணையும் என்றால் 5.90. லிங்கோத்பவ காலத்தில் ஓதுவார் அப்பரின் இலிங்கபுராணக் குறுந்தொகையைப் பாடியிருந்தால் 5.95. திருமுறைக்கு இப்படி ஓர் எண் ஒழுங்கு ஏற்கெனவே இருப்பது நமக்குப் பெரிய வசதி. முதலடியை ஒருவர் சந்தி பிரித்தும் இன்னொருவர் சேர்த்தும் எழுதுவார்கள், எண் மாறாது. நாளைக்கு "எட்டு வருடத்தில் 5.95 யார் யார் பாடியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஒரே தேடலில் வரும்.

இனி ஒரு சிவராத்திரி இரவை கார்டிலிருந்து அலமாரி வரை பின்தொடர்வோம். முதன்மைக் கேமரா 50 மெகாபிட் வேகத்தில் 7 மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும், அதாவது 22.5. ஆக 158 ஜிபி. கருவறை வாசலில் வைத்த இரண்டாவது கேமரா 100 மெகாபிட்டில் 2 மணி நேரம், 90 ஜிபி. ஓதுவார் அருகே வைத்த ஒலி ரெக்கார்டர் 12 மணி நேரம் முழுதும் ஓடினாலும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பன்னிரண்டரை ஜிபிதான். மொத்தம் ஏறக்குறைய 260 ஜிபி.

கார்டு நிறைந்து கேமராவிலிருந்து எடுத்தவுடன், பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டை LOCK பக்கம் தள்ளிவிடுங்கள். அப்புறம் யாரும் தெரியாமல் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தப் பூட்டு கிடையாது, அதைத் தனி டப்பாவில் போடுங்கள். கணினியில் முதல் டிஸ்க்கில் இப்படி ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் உள்ஃபோல்டர் வையுங்கள்:

```
2024-03-08_SIVARATHIRI
    CAMA-1
    CAMA-2
    CAMB-1
    AUDIO
    PHONE
```

கார்டில் இருப்பது முழுவதையும், காலியாகத் தெரியும் ஃபோல்டர் உட்பட, நகலெடுங்கள். விண்டோஸின் சாதாரண காப்பி-பேஸ்ட், எழுதியது சரியாக எழுதப்பட்டதா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. TeraCopy போன்ற ஒன்றில் Verify-ஐ இயக்கி வைத்தால், நகலெடுத்த பின் எழுதியதை மறுபடி படித்து அசலோடு ஒப்பிடும். நேரம் கூடும், இரவில் ஓட விட்டுவிட்டுப் படுங்கள். "Cut" மட்டும் செய்யவே வேண்டாம்.

நகல் சரி என்று தெரிந்த பின் பெயர் மாற்றுங்கள். எந்த ஷாட் எந்தக் காலம் என்று பிரிக்க, ஃபைல்களை "Date modified" வரிசையில் அடுக்குங்கள். "Date created" என்பது விண்டோஸில் நகலெடுத்த நேரத்தைக் காட்டும், அதை நம்பக் கூடாது. மூன்றாம் காலத்து ஷாட்களை மொத்தமாகத் தேர்ந்து, மைக்ரோசாஃப்ட்டின் இலவச PowerToys-ல் வரும் PowerRename-ல் Use regular expressions-ஐத் தேர்வு செய்து, தேடும் இடத்தில் முதல் வரியையும் மாற்றும் இடத்தில் இரண்டாம் வரியையும் கொடுங்கள்:

```
(.*)
2024-03-08_SIVARATHIRI_K3_CAMA_$1
```

பழைய பெயர் அப்படியே இருக்க, முன்னொட்டு மட்டும் சேரும். மேக்கில் ஃபைல்களைத் தேர்ந்து Rename, Add Text, before name என்று போனால் இதுவே நடக்கும். சோனி கேமராவில் C0042.MP4-க்குத் துணையாக C0042M01.XML என்று ஒன்று இருக்கும், அதற்கும் அதே முன்னொட்டைச் சேருங்கள். ஆனால் AVCHD என்ற ஃபோல்டருக்குள் 00012.MTS என்று எழுதும் பழைய கேம்கார்டர் என்றால் உள்ளே எதையும் தொடாதீர்கள். நீண்ட ஒரே ஷாட்டை அது துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும், ஒட்டுவதற்கான குறிப்பு வேறு ஃபைலில் பழைய பெயரோடு இருக்கும். அங்கே ஃபோல்டருக்கு மட்டும் பெயர் போதும்.

பெயரிட்டு முடிந்ததும் அந்த நிலையை முத்திரையிட வேண்டும். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஒரு நீண்ட அடையாள எண் எடுக்கலாம். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். விண்டோஸில் 7-Zip நிறுவியிருந்தால், ஃபோல்டரில் வலது கிளிக் செய்து CRC SHA பட்டியலில் .sha256 ஃபைல் உருவாக்கும் வரியைத் தேர்ந்தால் போதும். மேக், லினக்ஸில் ஃபோல்டருக்குள் போய் இப்படி:

```
find . -type f -exec shasum -a 256 {} + > ../2024-03-08_SIVARATHIRI.sha256
```

இப்போது ஃபோல்டரையும் இந்த .sha256 ஃபைலையும் இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கே சோதியுங்கள். 7-Zip-ல் அதே பட்டியலில் Test Archive : Checksum. மேக்கில் அந்த நகலின் ஃபோல்டருக்குள் இருந்தபடி:

```
shasum -a 256 -c ../2024-03-08_SIVARATHIRI.sha256
```

எல்லாம் OK என்று வந்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம். அதற்கு முன் இல்லை. அடுத்த பிரதோஷத்துக்கு கார்டு வேண்டும் என்றால் இன்னொரு கார்டு வாங்குங்கள், இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் அது இரண்டு பிரதி ஆகாது. தண்ணீர் புகுந்தாலும் திருட்டுப் போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கோவில் அலுவலகத்தில் இருந்தால் மற்றது வேறு தெருவில், முடிந்தால் வேறு ஊரில், பொறுப்பான ஒருவர் வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்க வேண்டாம், ஒரே தயாரிப்புத் தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கப் போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். அதில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது, நாளாக ஆகக் கசியும். சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அதற்கு ஏற்றது.

மூன்றாவது பிரதியாக கிளவுட் நல்லதுதான். ஆனால் 260 ஜிபியை 40 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாதக் கட்டணமும் உண்டு. அதனால் என் முன்னுரிமை ஒலிக்குத்தான். ஓதுவார் குரல் பதிந்த WAV ஃபைல்கள் ஓர் இரவுக்குப் பன்னிரண்டரை ஜிபி. அவற்றையும் எக்செல் ஷீட்டையும் முதலில் ஏற்றுங்கள். அலங்காரத்தை அடுத்த வருடமும் எடுக்கலாம், வயதான ஓதுவார் ஒருவர் பாடிய பண்ணை அதே குரலில் மறுபடி எடுக்க முடியாமல் போகலாம்.

கணினி ஃபோல்டரை கிளவுடோடு தானாக ஒத்திசைக்கும் வசதியை மட்டும் பேக்கப் என்று எண்ணாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். யூடியூபில் ஏற்றியதும் பேக்கப் அல்ல. அங்கிருந்து திரும்ப இறக்கினால் வருவது சுருக்கப்பட்ட பிரதி.

பக்தர்கள் செல்போனில் எடுத்ததை வாங்கிச் சேர்க்கும்போது பெயரைப் பாருங்கள். VID-20240308-WA0003.mp4 என்று நடுவில் WA இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது, பெரும்பாலும் சுருக்கப்பட்டது, எடுத்த நேரமும் போயிருக்கும். அதே ஆளிடம் அசலை கேபிளில் வாங்குங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே வீடியோவாக அல்லாமல் "Document" ஆக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை சுருங்காமல் வரும்.

மின்சாரம் போய்க் கேமரா பாதியில் அணைந்த ஃபைல் அளவில் பெரிதாக இருக்கும், ஆனால் எந்த பிளேயரிலும் ஓடாது. MP4-ல் பட்டியல் போன்ற ஒரு பகுதி பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அது இல்லாததால்தான் ஓடவில்லை, படமும் ஒலியும் உள்ளே இருக்கின்றன. அழிக்காமல் வைத்து, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஷாட் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். untrunc என்ற இலவசக் கருவி நல்ல ஷாட்டைப் பார்த்து உடைந்ததைச் சரி செய்ய முயலும். பல நேரம் பலிக்கும். அதேபோல டிஸ்க்கைச் செருகியதும் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சரி என்று அழுத்தாதீர்கள். முறையாக வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கினால் exFAT டிஸ்க்குகளில் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் தரவு உள்ளேயே இருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, சிவராத்திரிக்கு முந்தைய வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டிஸ்க்கையும் செருகி .sha256 சோதனையை ஓட விடுங்கள். ஒன்றில் ஒரு ஃபைல் FAILED என்று வந்தால் மற்றதிலிருந்து எடுத்து மாற்றலாம், இரண்டும் கெடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வருடம் ஆன டிஸ்க்கை, ஓடிக்கொண்டிருந்தாலும், புதியதற்கு மாற்றிவிட்டு மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் அந்த நாலு டிஸ்க். அவற்றில் பெயர் மாற்றும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம். முதலில் நாலையும் சேர்த்துக் கொள்ளும் அளவுள்ள ஒரு புதிய டிஸ்க் வாங்கி, DISK1, DISK2, DISK3, DISK4 என்று நாலு ஃபோல்டரில் அப்படியே நகலெடுத்துச் சரிபாருங்கள். ஒன்றோடொன்று கலக்காதீர்கள், இரட்டிப்பாகத் தெரிவதையும் அழிக்காதீர்கள், நான் முதலில் சொன்ன C0001 மோதல் நடப்பது இங்கேதான். பழைய நாலையும் அதன்பின் பேக்கப்பாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பிறகு புதிய டிஸ்க்கில் ஒரு விழா ஒரு விழாவாகப் பிரிக்கலாம். தேதி தெரியாத ஃபைலுக்கு முதலில் Date modified-ஐப் பாருங்கள். அது கோணலாக இருந்தால் அன்றைய செல்போன் படங்களோடும் கோவில் அழைப்பிதழோடும் ஒப்பிடுங்கள். அலங்காரம், சுவாமிக்குச் சாத்திய வஸ்திரம், பின்னால் தெரியும் பந்தல், திருப்பணிக்கு முன்னா பின்னா என்பதையெல்லாம் கோவில் அர்ச்சகரும் ஓதுவாரும் பார்த்த மாத்திரத்தில் வருடத்தோடு சொல்வார்கள், அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வருடம் மட்டும் தெரிந்தால் 2019-00-00_SIVARATHIRI என்றும், எதுவுமே தெரியாவிட்டால் 0000-00-00_THERIYATHU என்றும் போடுங்கள். ஊகத்தில் ஒரு தேதி போட்டுவிட்டால் பின்னால் வருபவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். பூஜ்யம் இருந்தால் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது என்று புரியும்.